170 இலக்கம் வரை சரி, 171-இல் தவறு: எண்சரப் பெருக்கலில் ஒரு பிழையைத் தேடிய கதை

பின்னணி

கல்லூரி ஆய்வகம் ஒன்றில் மாலை நேர நிரலாக்கப் பயிற்சியை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவரும் மாணவர் ஒருவரும் சேர்ந்து ஒரு கணக்கை எடுத்திருந்தார்கள். இரண்டு எண்கள் கொடுக்கப்படும். ஒவ்வொன்றும் ஒரு லட்சம் இலக்கம் வரை போகலாம். இரண்டின் கூட்டுத்தொகையையும் பெருக்கற்பலனையும் அச்சிட வேண்டும். மொழி சி++. பெரிய முழு எண்களுக்கான வகையோ நூலகமோ எதுவும் கூடாது. எண்ணைச் சரமாக வாங்கி, கணக்கை நாமே போட வேண்டும். ஒரு சோதனைக்கு ஒரு நொடிதான் அவகாசம்.

விடையைச் சரிபார்ப்பது ஆய்வகத்தின் தானியங்கி. எந்தச் சோதனையில் விழுந்தோம் என்று அது காட்டாது. 'தவறான விடை' அல்லது 'நேரம் தாண்டியது' என்று மட்டும் சொல்லும். இன்னொரு விவரமும் பின்னால் முக்கியமாகப் போகிறது: அங்கே இருந்த கம்பைலர் பழையது, 32 பிட் நிரல்களைத்தான் உருவாக்கும்.

முதல் வடிவம்: ஒவ்வோர் இலக்கமாக

இருவரும் பள்ளியில் படித்த முறையையே எழுதினார்கள். வலது ஓரத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வோர் இலக்கமாகக் கூட்டுவது, பத்தைத் தாண்டினால் அடுத்த இலக்கத்தின் தலையில் ஒன்றை ஏற்றுவது. அந்த ஒன்றை ஆய்வகத்தில் எல்லோரும் கேரி என்றுதான் சொல்வோம், இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

கூட்டலில் வழக்கமான தவறு ஒன்று வந்தது. 999-உடன் 1-ஐக் கூட்டினால் 000 என்று வந்தது. இலக்கங்கள் தீர்ந்ததும் லூப் நின்றுவிட, கையில் மிஞ்சிய கடைசிக் கேரி அச்சாகவே இல்லை. அதைப் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டார்கள்.

அடுத்தது வேகம். விடையின் ஒவ்வோர் இலக்கத்தையும் சரத்தின் முன்னால் ஒட்டிக்கொண்டு போனார்கள். முன்னால் ஒட்டும் ஒவ்வொரு தடவையும் ஏற்கெனவே உள்ள எழுத்துகள் எல்லாம் ஒரு இடம் நகர்ந்தாக வேண்டும். ஒரு லட்சம் இலக்கத்துக்கு இந்த நகர்த்தல் மட்டுமே 500 கோடி. பின்னால் சேர்த்துக்கொண்டே போய்க் கடைசியில் ஒரே தடவை திருப்பிப் போட்டதும் கூட்டல் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்தது.

பெருக்கலுக்கு அப்படிச் சின்ன மருந்து எதுவும் இல்லை. ஒரு லட்சத்தை ஒரு லட்சத்தால் பெருக்க ஆயிரம் கோடி இலக்கப் பெருக்கல்கள். நேரம் தாண்டியது.

ஒன்பது இலக்கக் கட்டுகள்

மாணவிக்கு நல்ல யோசனை ஒன்று தோன்றியது. ஒரு அணியின் ஒரு அறையில் ஒரே ஒரு இலக்கத்தை வைப்பது வீண். ஒன்பது இலக்கங்களை ஒரு கட்டாக வைத்தால் அடிமானம் 10-லிருந்து 10⁹ ஆகிறது. ஒரு லட்சம் இலக்கம் 11,112 கட்டுகளில் அடங்கிவிடும். பெருக்கல்கள் ஆயிரம் கோடியிலிருந்து சுமார் 12 கோடியாகக் குறையும்.

ஏன் ஒன்பது என்று கேட்டேன். அவர் சொன்ன காரணம் சரியானதுதான். இரண்டு கட்டுகளைக் கூட்டி, கேரியையும் சேர்த்தால் அதிகபட்சம் 1,999,999,999 வரும். 32 பிட் முழு எண்ணின் எல்லை 2,147,483,647. ஆகவே கூட்டல் அதற்குள் அடங்கும். பத்து இலக்கம் வைத்தால் அடங்காது. கூட்டலைப் பொறுத்தவரை ஒன்பதுதான் எட்டக்கூடிய உச்சம். கூட்டலை அப்படியே எழுதினார்கள், அதில் ஒரு பிழையும் வரவில்லை. அதே அடிமானத்தைப் பெருக்கலுக்கும் எடுத்துக்கொண்டு போனார்கள். அப்போது எனக்கும் அதில் ஒன்றும் உறுத்தவில்லை.

பெருக்கலில் இரண்டு கட்டுகளின் பலன் 10¹⁸-ஐத் தொடாது. குறியில்லாத 64 பிட் எண் ஏறக்குறைய 1.84 × 10¹⁹ வரை தாங்கும். அதுவும் அடங்குகிறது. முதலில் ஒவ்வொரு பெருக்கலுக்குப் பின்னும் உடனே 10⁹-ஆல் வகுத்துக் கேரியை எடுத்தார்கள். நேரம் நான்கு நொடியைத் தாண்டியது. காரணம் அந்தப் பழைய கம்பைலர். 32 பிட் நிரலில் 64 பிட் வகுத்தல் ஒரே கட்டளையில் முடியாது, ஒவ்வொரு தடவையும் ஒரு துணைச் செயற்கூறை அழைத்துத்தான் நடக்கும். அது உள் லூப்புக்குள் 12 கோடி தடவை நடந்தது.

ஆகவே மாணவர் வகுத்தலை வெளியே எடுத்தார். எல்லாப் பெருக்கல்களையும் முதலில் அந்தந்த இடத்தில் குவித்துவிட்டு, கடைசியில் ஒரே ஓட்டமாகக் கேரியை எடுப்பது:

```cpp
for (int i = 0; i < n; i++)
    for (int j = 0; j < m; j++)
        c[i + j] += (unsigned long long)a[i] * b[j];

unsigned long long carry = 0;
for (int k = 0; k < n + m; k++) {
    c[k] += carry;
    carry = c[k] / BASE;
    c[k] %= BASE;
}
```

வேகம் வந்துவிட்டது, எல்லைக்குள் சுகமாக முடிந்தது. தானியங்கி மட்டும் 'தவறான விடை' என்றது.

முதல் தவறு: 121

சின்ன எண்கள் எல்லாம் சரியாக வந்தன. பெரிய எண்களுக்கு அவர்கள் வைத்திருந்த சோதனை, நம் வீடுகளில் பெரியவர்கள் போடுகிற பழைய கணக்குதான். இரண்டு எண்களின் இலக்கங்களையும் தனித்தனியாகக் கூட்டி ஒன்பதால் மீதி பார்ப்பது, மீதிகளைப் பெருக்குவது, விடையின் மீதியோடு ஒப்பிடுவது. எல்லாம் ஒத்துப்போனது.

கட்டு முறையில் சறுக்கல் வரக்கூடிய முதல் இடம் அச்சிடுதல் என்று எனக்குத் தெரியும். அதனால் 1000000001-ஐ அதனாலேயே பெருக்கச் சொன்னேன். சரியான விடை 1000000002000000001. திரையில் வந்தது 121.

உள்ளே கணக்கு சரியாகத்தான் நடந்திருந்தது. விடையின் மூன்று கட்டுகள் 1, 2, 1. நடுக் கட்டின் மதிப்பு 2 என்றாலும் அது ஒன்பது இலக்க இடத்தைப் பிடித்தாக வேண்டும், அதாவது 000000002 என்று அச்சாக வேண்டும். முன்பூஜ்யங்கள் விழுந்துபோனதால் எண்ணே சுருங்கிவிட்டது. தலைக் கட்டைத் தவிர மற்ற எல்லாக் கட்டுகளையும் `%09llu` என்று அச்சிட்டதும் இது தீர்ந்தது. தற்போக்கான எண்களில் ஒரு கட்டு பூஜ்யத்தில் தொடங்குவது பத்தில் ஒரு தடவைதான். சின்னச் சோதனைகளில் இது ஒளிந்துகொண்டதில் வியப்பில்லை.

எனக்குச் சுவாரஸ்யமாக இருந்தது வேறொன்று. ஒன்பதால் மீதி பார்க்கும் சோதனை இதை ஏன் பிடிக்கவில்லை? பூஜ்யம் எத்தனை விழுந்தாலும் இலக்கங்களின் கூட்டுத்தொகை மாறாது. 121-க்கும் 4, சரியான விடைக்கும் 4. அப்படியானால் பதினொன்றால் மீதி பார்க்கலாமே என்றார் மாணவி. பார்த்தோம். இரண்டுக்கும் மீதி 0. விழுந்த பூஜ்யங்கள் இரண்டு இடத்திலும் எட்டு எட்டாக, அதாவது இரட்டைப்படையாக விழுந்ததால் அந்தச் சோதனையும் ஏமாந்தது. ஏழால் பார்த்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது: சரியான விடைக்கு மீதி 0, 121-க்கு 2.

இதன் பலனாக இருவரும் ஒன்பதுச் சோதனை உதவாது என்று முடிவுகட்டித் தங்கள் சரிபார்ப்பிலிருந்து அதை எடுத்தே விட்டார்கள். நானும் தடுக்கவில்லை. அது தவறு என்று அடுத்த நாள் தெரிந்தது.

மறுபடியும் 'தவறான விடை'

திருத்தியதை அனுப்பினார்கள். அதே பதில்.

இந்தத் தடவை இருவருக்கும் நம்பிக்கை அதிகமாக இருந்தது, காரணமும் இருந்தது. 100!-ஐ 100!-ஆல் பெருக்கிப் பார்த்திருந்தார்கள். ஒவ்வொன்றும் 158 இலக்கம், விடை சரி. 1000!-ஐயும் கணக்கிட்டிருந்தார்கள். 2568 இலக்கம், கடைசியில் 249 பூஜ்யங்கள், இதுவும் சரி. "ரெண்டாயிரத்து ஐந்நூறு இலக்கத்துக்கே வருது சார், அப்புறம் எங்க தப்பு இருக்கும்?" என்று மாணவர் கேட்டார். தானியங்கியில்தான் கோளாறு என்பது அவருடைய எண்ணம்.

நம்பகமான விடை ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. கணினியில் எவ்வளவு நீளமான எண்ணையும் கணக்கிடும் `bc` என்ற நிரல் இருந்தது. அதை ஏன் இதுவரை தொடவில்லை என்று கேட்டேன். "பிக் இன்டீஜர் எதுவும் கூடாதுன்னு சொல்லியிருக்காங்களே சார்" என்றார் மாணவி. "அனுப்புற கோட்ல கூடாதும்மா. உன் மேசையில விடையைச் சரிபார்க்க எதை வேணும்னாலும் வெச்சுக்கலாம்" என்றேன். இந்தக் குழப்பம் பலருக்கும் இருக்கிறது என்பதால் சேர்த்து எழுதுகிறேன்.

`bc`-இலும் ஒரு சின்ன இடறல். நீளமான விடைகளை அது ஏறக்குறைய 70 எழுத்துக்கு ஒரு தடவை மடித்து, வரி முடிவில் `\` போடும். அதனால் ஆரம்பத்தில் ஒப்பிட்ட எல்லாமே 'வேறு' என்று வந்து ஒரு அரைமணி நேரம் போனது. இப்படி ஓட்டினால் மடிக்காது:

```sh
BC_LINE_LENGTH=0 bc < kanakku.txt
```

பிறகு தற்போக்கான எண்களை நீளம் கூட்டிக்கொண்டே ஓட்டினோம். 500 இலக்கம் வரை எல்லாம் சரி. 550-ஐ ஒட்டி எப்போதாவது ஒன்று தவறியது. 700-இல் பெரும்பாலானவை தவறின. ஒரே நீளத்தில் சில எண்கள் தேறுகின்றன, சில தவறுகின்றன. தவறு நீளத்தில் மட்டும் இல்லை, இலக்கங்களின் மதிப்பிலும் இருக்கிறது என்பதற்கு இது முதல் அறிகுறி.

171

மதிப்புதான் காரணம் என்றால் மிகப் பெரிய மதிப்பையே கொடுத்துப் பார்ப்போம் என்று எல்லாம் 9 ஆன எண்களை எடுத்தோம். அதில் இன்னொரு வசதியும் உண்டு, விடை கையாலேயே தெரியும். 999-இன் வர்க்கம் 998001. பொதுவாக n ஒன்பதுகளின் வர்க்கம் என்றால் n−1 ஒன்பதுகள், ஒரு 8, n−1 பூஜ்யங்கள், ஒரு 1.

ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போனோம். 170 ஒன்பதுகள் வரை விடை சரி. 171-இல் தவறு. எத்தனை தடவை ஓட்டினாலும் அதே எல்லைதான். தற்போக்கான எண்களில் மங்கலாகத் தெரிந்த எல்லை இங்கே கத்தியால் வெட்டியதுபோல் தெரிந்தது.

171-க்கான விடையில் 342 இலக்கங்கள். முதலில் வரிசையாக ஒன்பதுகள், கடைசியில் பூஜ்யங்களும் ஒன்றும், எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. கண்ணால் ஆரம்பத்தையும் முடிவையும் மட்டும் பார்த்தால் சரி என்றே சொல்லிவிடுவோம். நடுவில் 20 இலக்கங்கள் மட்டும் வேறு. அங்கே இருக்க வேண்டியது 99999999998000000000. இருந்தது 81553255924290448384. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தோம்:

18446744073709551616

மாணவி அதை உடனே அடையாளம் கண்டுகொண்டார். சதுரங்கக் கட்டங்களில் ஒன்று, இரண்டு, நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போகும் தானியக் கதையில் வரும் எண். கதையில் மொத்தத் தானியம் இதைவிட ஒன்று குறைவு. இது 2⁶⁴. குறியில்லாத 64 பிட் எண் நிரம்பியதும் பூஜ்யத்துக்குத் திரும்பும் இடம்.

ஏன் 171

இதற்குப் பிறகு காரணத்தைத் தாளில் போட்டுப் பார்ப்பதுதான் மிச்சம். ஒரு பெருக்கற்பலன் 64 பிட்டுக்குள் அடங்கும் என்று சரிபார்த்திருந்தோம். ஆனால் `c[k]`-இல் சேர்வது ஒரு பலன் அல்ல, i + j = k ஆகும் அத்தனை பலன்களும். இரண்டு எண்களிலும் n கட்டுகள் இருந்தால் நடு இடத்தில் n பலன்கள் குவியும்.

10⁹ அடிமானத்தில் ஒரு பலன் அதிகபட்சம் 10¹⁸-ஐ ஒட்டி இருக்கும். எல்லை 1.84 × 10¹⁹. ஆகவே 18 பலன்கள் தாங்கும், 19 தாங்காது. 18 கட்டு என்றால் 162 இலக்கம். 163-லிருந்து 170 வரை பத்தொன்பதாவது கட்டு ஒன்று இருந்தாலும் அது முழுதாக நிரம்பவில்லை, எட்டு இலக்கம் வரைதான். அதனால் நடு இடத்தில் 17 முழுப் பலன்களும் இரண்டு சின்னப் பலன்களும் சேர்கின்றன, எல்லைக்குள் இருக்கின்றன. 171-இல் பத்தொன்பதாவது கட்டும் நிரம்புகிறது. அந்த ஒரே இடம், `c[18]`, ஒரே ஒரு தடவை வழிகிறது. விடையில் 2⁶⁴ ஒரு தடவை குறைந்தது அதனால்தான்.

தற்போக்கான எண்களில் ஒரு பலனின் சராசரி உச்சத்தில் கால் பங்குதான். ஆகவே சுமார் 74 கட்டு, அதாவது 660 இலக்கத்தை ஒட்டித்தான் சராசரியாக எல்லையைத் தொடும். சில எண்கள் அதற்கு முன்பே தொட்டுவிடும். 550-இல் எப்போதாவது, 700-இல் பெரும்பாலும் என்று நாங்கள் பார்த்தது இதுதான்.

நம்பிக்கை தந்த இரண்டு சோதனைகளும் ஏன் எதையும் சோதிக்கவில்லை என்பதும் இப்போது தெரிந்தது. 158 இலக்கம் என்பது சரியாக 18 கட்டு. அந்த நீளத்தில் எந்த இரண்டு எண்களைக் கொடுத்தாலும் இந்தப் பிழை வரவே வராது. 1000!-இல் ஒவ்வொரு பெருக்கலிலும் ஒரு பக்கம் நீளமான எண், மறுபக்கம் 1000-க்குள் ஒரு சின்ன எண், அதாவது ஒரே கட்டு. ஓர் இடத்தில் குவியும் பலன்களின் எண்ணிக்கை இரண்டில் சின்னதன் நீளத்தைத் தாண்டாது. ஆகவே 2568 இலக்கம் என்ன, பத்து லட்சம் இலக்கம் ஆனாலும் அந்தச் சோதனையில் இது தெரிந்திருக்காது.

கைவிட்ட ஒன்பதுச் சோதனையைச் சும்மா ஒரு தடவை போட்டுப் பார்த்தோம். சரியான விடையின் இலக்கங்களின் கூட்டுத்தொகை 1539, ஒன்பதால் மீதமின்றி வகுபடும். தவறான விடைக்கு 1532, மீதி 2. முதல் பிழையைக் கோட்டைவிட்ட அதே சோதனை இரண்டாவதை நொடியில் பிடித்திருக்கும். 2⁶⁴-ஐ ஒன்பதால் வகுத்தால் மீதி 7. வழிந்த தடவைகளின் எண்ணிக்கை தற்செயலாக ஒன்பதின் மடங்காக அமைந்தால் ஒழிய அது தப்பாது.

மூன்று வழிகள்

மூன்று திருத்தங்களைப் பேசினோம்.

பழையபடி ஒவ்வொரு பெருக்கலிலும் கேரியை எடுப்பது ஒன்று. அது எந்த நீளத்துக்கும் பாதுகாப்பானது. அடிமானம் B என்றால், ஒரு பலனும் அங்கே ஏற்கெனவே இருப்பதும் கேரியும் சேர்ந்தாலும் (B−1)² + 2(B−1), அதாவது B²−1-ஐத் தாண்டாது. புதிய 64 பிட் கம்பைலரில் நான் இதைத்தான் எழுதச் சொல்லியிருப்பேன். மாறிலியால் வகுப்பதை அவை பெருக்கலாக மாற்றிவிடுவதால் செலவு வெகுவாகக் குறையும். அந்த ஆய்வகத்தில் நான்கு நொடி ஆனதை ஏற்கெனவே பார்த்துவிட்டோம்.

இரண்டாவது வழி, பதினெட்டுப் பலன்களுக்கு ஒரு தடவை நிறுத்திக் கேரியை எடுப்பது. வேகமாகவும் இருக்கும், சரியாகவும் இருக்கும். ஆனால் லூப் மூன்று அடுக்காகிறது. எண்ணிக்கையில் ஒன்று பிசகினால் மறுபடியும் இதே பிழைதான், இன்னும் அரிதாக வரும். எழுதப்போவது முதல் தடவையாக இதைச் செய்யும் இருவர் என்பதால் எனக்கு அதில் மனமில்லை.

மூன்றாவதை மாணவர் சொன்னார். "கட்டைச் சின்னதாக்கிட்டா என்ன சார்?" கணக்குப் போட்டோம். 10⁸ என்றால் ஒரு பலன் 10¹⁶, ஒரு லட்சம் இலக்கத்துக்கு 12,500 கட்டுகள், நடு இடத்தில் குவிவது 1.25 × 10²⁰. போதாது. 10⁷ என்றால் ஒரு பலன் 10¹⁴, 14,286 கட்டுகள், குவிவது சுமார் 1.43 × 10¹⁸. குறியில்லாததில் மட்டுமல்ல, குறியுள்ள 64 பிட்டின் 9.2 × 10¹⁸-க்குள்ளும் தாராளமாக அடங்குகிறது. பெருக்கல்கள் 12 கோடியிலிருந்து 20 கோடியாகக் கூடும். ஆனால் அவை வெறும் பெருக்கிக் கூட்டுவதுதான், உள்ளே வகுத்தல் இல்லை.

கோடில் ஒரு மாறிலியை மாற்றினால் போதும் என்பதால் இதையே எடுத்தோம். கூட்டலுக்கும் அதே 10⁷-ஐ வைத்துக்கொண்டார்கள். அங்கே மூவாயிரம் சொச்சம் கட்டு கூடுதல் என்பது யாருக்கும் தெரியாது.

மாற்றிய பிறகு

ஒரு மாறிலி போதும் என்றது முழுக்க உண்மையாகவில்லை. `BASE`-ஐ 10⁷ ஆக்கினார்கள். சரத்தை ஏழு ஏழாக வெட்டும் இடத்தையும் மாற்றினார்கள். அச்சிடும் இடத்தில் `%09llu` அப்படியே நின்றுவிட்டது. ஒவ்வொரு கட்டுக்கும் இரண்டு பூஜ்யம் அதிகமாக அச்சானது.

நல்லவேளையாக அதற்குள் புதிய சரிபார்ப்பு ஒன்றை எழுதியிருந்தார்கள். ஒன்பதுக்குப் பதில் 1000000007 என்ற பகா எண். உள்ளிட்ட இரண்டு சரங்களையும் நிரல் அச்சிட்ட விடைச் சரத்தையும் தனித்தனியாக எழுத்து எழுத்தாகப் படித்து மீதி காண்பது:

```cpp
unsigned long long r = 0;
for (char ch : s)
    r = (r * 10 + (ch - '0')) % 1000000007ULL;
```

இதில் நான் வலியுறுத்தியது ஒன்றுதான். உள்ளே இருக்கும் கட்டுகளிலிருந்து மீதியைக் காணக் கூடாது. வெளியே அச்சான சரத்திலிருந்துதான் காண வேண்டும். கட்டுகளிலிருந்து பார்த்திருந்தால் 121-உம் தப்பியிருக்கும், இந்த `%09` பிழையும் தப்பியிருக்கும். இரண்டிலும் கட்டுகள் சரி, சரம்தான் தவறு. பூஜ்யம் கூடினாலும் குறைந்தாலும் இந்தச் சோதனையில் மீதி மாறிவிடும். தப்புவதற்கான வாய்ப்பு மிக மிக அரிது.

அகலத்தைத் திருத்தியதும் 171, 1000, ஒரு லட்சம் என்று எல்லா ஒன்பது வரிசைகளும் சரியாக வந்தன. ஒரு லட்சம் இலக்கத்துக்கு ஆய்வகக் கணினியில் அரை நொடிக்குள் முடிந்தது. அனுப்பினார்கள். இன்னும் ஒரு தடவை 'தவறான விடை'.

இந்தத் தடவை காரணம் பூஜ்யம். ஒரு எண் 0 ஆனால் விடையின் எல்லாக் கட்டுகளும் 0. முன்பூஜ்யங்களைக் கழிக்கும் லூப் எல்லாவற்றையும் கழித்துவிட்டு ஒன்றும் இல்லாத வரியை அச்சிட்டது. புதிய சரிபார்ப்பிலும் இது தெரியாது, காலிச் சரத்துக்கும் மீதி 0 தானே. கடைசிக் கட்டை மட்டும் கழிக்காமல் விடும்படி மாற்றினார்கள். அன்று மாலை ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இப்போது செய்வதாக இருந்தால்

முதலில், அடிமானத்தைத் தேர்ந்தெடுத்த அன்றே அதன் காரணத்தைக் கோடிலேயே எழுதச் சொல்வேன். கம்பைலரே சரிபார்க்கும்படி எழுத முடியும்:

```cpp
const unsigned long long BASE = 10000000ULL;
const unsigned long long MAXL = 14286;
static_assert((BASE - 1) * (BASE - 1) <= ULLONG_MAX / (MAXL + 1),
              "BASE");
```

10⁹-ஐயும் அதற்குரிய 11,112-ஐயும் போட்டால் இது கம்பைல் ஆகவே ஆகாது. `MAXL`-உடன் ஒன்றைக் கூட்டியிருப்பது கேரிக்கு இடம் விட. சரத்தை வெட்டும் அகலத்தையும் அச்சிடும் அகலத்தையும் ஒரே மாறிலியிலிருந்து எடுக்கச் சொல்வேன். `printf`-இல் `%0*llu` என்று எழுதினால் அகலத்தைத் தனியாகக் கொடுக்கலாம்.

குறியில்லாத எண்ணைத் தேர்ந்தெடுத்ததிலும் எனக்கு இப்போது தயக்கம் இருக்கிறது. இரண்டு மடங்கு இடம் கிடைக்கிறது என்று எடுத்தோம். சி++-இல் குறியில்லாத எண் வழிவது பிழையே இல்லை, 2⁶⁴-ஆல் மீதி எடுப்பது என்றுதான் மொழியின் விதி. அதனால் யாரும் எச்சரிக்க மாட்டார்கள். `long long` வைத்திருந்தால், புதிய கம்பைலரில் `-fsanitize=undefined` போட்டு ஓட்டும்போது எந்த வரியில் வழிந்தது என்றே சொல்லியிருக்கும். 10⁷ அடிமானத்தில் அந்த இரண்டு மடங்கு தேவைப்படவும் இல்லை.

நீளத்தில் இந்த முறைக்கு எல்லை உண்டு. கணக்கு பத்து லட்சம் இலக்கம் என்று மாறினால் 1,42,858 கட்டுகள். குறியுள்ள எண்ணில் சுமார் 92,000 கட்டுக்கு மேல் தாங்காது. அதற்கு முன்பே நேரம் தீர்ந்துவிடும், 2,000 கோடி பெருக்கல்கள். அங்கே பள்ளி முறையை விட்டுவிட்டு, 1960-இல் கரட்சுபா கண்டுபிடித்த, நான்கு பெருக்கலை மூன்றாக்கும் முறை போன்ற ஒன்றுக்குப் போக வேண்டும். மாணவி அதைப் பிறகு எழுதிப் பார்த்தார். அதில் எண்ணின் இரண்டு பாதிகளையும் கூட்டிவிட்டுப் பெருக்க வேண்டும். கூட்டியதில் கேரியை எடுக்காமல் விட்டால் ஒரு கட்டு இரண்டு மடங்கு வரை வீங்கும், ஒரு பலன் நான்கு மடங்காகும். முதல் வரியாக அவர் எழுதியது அந்த `static_assert`, இந்த நான்கு மடங்கையும் சேர்த்து.